கொல்லிமலை ஹோம்ஸ்டே: வார இறுதி விருந்தினருக்கு ஓர் அழைப்பு

கொல்லிமலையில் ஹோம்ஸ்டே என்பது பெரும்பாலும் காபித் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு குடும்பத்தின் வீடு. வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம் குடியிருப்பார்கள். மறுபக்கம் உள்ள இரண்டு மூன்று அறைகளை வெள்ளி, சனி இரவுகளில் விருந்தினருக்கு விடுவார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. உரிமையாளர் குடும்பம் அந்த வீட்டிலேயே வசிக்க வேண்டும். வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேலோ, படுக்கைகள் 12க்கு மேலோ போகக் கூடாது. ஆள் குடியிருக்காத பங்களாவும் 20 அறைகள் கொண்ட கட்டடமும் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டாலும் அவை விடுதிகள்தான்.

இத்தகைய வீட்டுக்கு வருபவர் முதலில் பார்ப்பது ஒரு புகைப்படமும் அதன் அடியில் உள்ள அழைப்புக் குறிப்பும்தான். பயணத்தின் பாதிச் சண்டைகள் அந்தக் குறிப்பில்தான் தொடங்குகின்றன. "இயற்கையின் மடியில் மறக்க முடியாத அனுபவம்" என்ற வரியைப் படித்து எவராலும் எந்த முடிவும் எடுக்க முடியாது. "அறையிலிருந்து கழிப்பறைக்குப் பத்தடி வெளியே நடக்க வேண்டும்" என்ற வரி, முழங்கால் வலியுள்ள தாயாரை அழைத்துவரும் மகனுக்கு உடனே பயன்படும். நல்ல குறிப்பு பெயரடைகளைக் குறைத்து அளவுகளைச் சொல்லும். இருப்பதோடு இல்லாததையும் சொல்லும். இங்கே எடுத்துக்கொள்ளும் வீடு செம்மேட்டுக்கு அருகில் இரண்டு ஏக்கர் காபித் தோட்டத்தில் உள்ள ஓட்டு வீடு. விருந்தினருக்கு மூன்று அறைகள். மலைமேல் இருக்கும் பல வீடுகளின் பொது மாதிரி இது. கீழே வரும் வாடகைக் கணக்குகளும் அந்த மாதிரிக்கு உரியவை.

குறிப்பு பாதையிலிருந்து தொடங்குவது முறை. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தால், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு சாலை மேலேறுகிறது. நாமக்கல்லிலிருந்து செம்மேடு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் என்று மட்டும் எழுதினால், சமவெளிக்காரர் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டுவிடுவார். உண்மையில் வளைவுப் பகுதிக்கே அந்த நேரம் வேண்டும். அதனால் தூரத்தைவிட நேரத்தைச் சொல்வதுதான் நேர்மை: "நாமக்கல்லிலிருந்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இருட்டுவதற்கு முன் அடிவாரம் வந்துவிடுங்கள்."

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு ஈரோட்டிலோ சேலத்திலோ புறப்படுகிறவர்களுக்கு இந்த வரி பிடிக்காது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மழைக்காலத்தில் வளைவுகளில் மூடுபனி இறங்கினால், மலைச்சாலை பழகாத ஓட்டுநருக்கு எதிரே வரும் பேருந்தின் விளக்கு மிக அருகில் வந்த பிறகுதான் தெரியும். ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலையின் விதி. இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் வண்டியில் பாதி வழியிலேயே கருகல் வாடை வரும். அப்படி வந்தால் ஓரமாக நிறுத்தி, சூடு தணியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. குழந்தைகளுக்குக் குமட்டல் வரக்கூடும் என்பதால், காரவள்ளிக்கு முன்பு வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம் என்று ஒரு வரி சேர்ப்பதும் நல்லது. சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு நாமக்கல்லிலிருந்து செம்மேட்டுக்கு அரசுப் பேருந்து உண்டு. செம்மேட்டிலிருந்து வீடு எவ்வளவு தூரம், அழைத்துவர ஆள் வருவாரா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அதே இடத்தில் எழுத வேண்டும்.

அடுத்தது அறை. புகைப்படம் மிக அதிகமாக ஏமாற்றுவது இங்கேதான். அகலக் கோணத்தில் மூலையிலிருந்து எடுத்த படத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறை திருமணக் கூடம்போலத் தெரியும். அந்த அறையின் பரப்பு 120 சதுர அடி. ஐந்தடிக்கு ஆறரையடி கட்டில் போட்டால் 32 சதுர அடிக்கு மேல் போய்விடும். "கூடுதல் படுக்கை உண்டு" என்று சொல்லி மூன்றடிக்கு ஆறடி மெத்தை ஒன்றைத் தரையில் விரித்தால் இன்னொரு 18 சதுர அடி குறையும். மெத்தையைத் தாண்டாமல் குளியலறைக் கதவுக்குப் போக முடியாது. ஆகவே "மூவர் தங்கலாம்" என்பதற்குப் பதிலாக, "இருவருக்கு வசதி. மூன்றாமவருக்குத் தரையில் மெத்தை, நடக்க இடம் குறையும்" என்று எழுதுவது சரி. படத்தையும் வாசலில் நின்று, கட்டிலின் நான்கு கால்களும் எதிர்ச் சுவரும் தெரியும்படி எடுத்தால் பார்ப்பவர் தாமே அளந்துகொள்வார்.

ஓட்டு வீடுகளில் இன்னொரு விஷயம் உண்டு. பழைய வீடுகள் பலவற்றில் இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள சுவர் கூரைவரை எழும்பியிருக்காது. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். பக்கத்து அறையின் இருமலும் கைபேசி மணியும் அந்த வழியாக வரும். புதுமணத் தம்பதியோ கைக்குழந்தையுள்ள குடும்பமோ இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று அறைகளையும் ஒரே குடும்பம் எடுத்தால் இதே குறை கலகலப்பாகிவிடும். குறிப்பில் அதையும் சொல்லலாம். விடிவதற்கு முன்பே சேவல் கூவும் என்பதையும், கூடல்வாய் ஓட்டின் மேல் மழை விழும் சத்தம் எல்லோருக்கும் தாலாட்டாக இராது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டரைத் தாண்டிய இந்த மேட்டில் குளிர்சாதனக் கருவி தேவையில்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் நன்றாகவே கடிக்கும். ஆளுக்கு இரண்டு கம்பளி வேண்டியிருக்கும். குளிரைவிடத் தொல்லை தருவது ஈரம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை துணி காய இரண்டு நாள் ஆகும், மெத்தையில் புழுங்கல் வாடை ஏறும். பராமரிப்புள்ள வீட்டில் விருந்தினர் வராத நாட்களிலும் மெத்தையை வெயில் கிடைத்தபோதெல்லாம் வெளியே போடுவார்கள், கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போடுவார்கள். அறைக்குள் நுழைந்ததும் தலையணைக்கு அடியில் கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கை குளிர்ந்து லேசாகப் பிசுபிசுத்தால் அந்தப் படுக்கை காயவில்லை. உடனே மாற்றிக் கேட்பது விருந்தினரின் உரிமை.

வெந்நீரைப் பற்றி "24 மணி நேரமும்" என்ற சொற்கள் மலையில் பெரும்பாலும் பொய்யாகவே முடியும். வானம் மூடிய நாட்களில் சூரிய வெந்நீர்க் கலம் வேலை செய்யாது. மின்சார ஹீட்டர் இரண்டு கிலோவாட் இழுக்கும். மின்தடை வந்தால் வீட்டிலுள்ள இன்வெர்ட்டர் விளக்கையும் விசிறியையும் தாங்குமே தவிர அதைத் தாங்காது. காற்றோடு மழை பெய்தால் மரக்கிளை கம்பியில் விழுந்து மின்சாரம் மணிக்கணக்கில் போவது உண்டு. எனவே மாதிரி வீட்டின் வரி இப்படி இருக்கலாம்: "காலை ஆறிலிருந்து ஒன்பது வரை வெந்நீர். மின்சாரம் இல்லாத நாளில் விறகு அடுப்பில் காய்ச்சி ஆளுக்கு ஒரு வாளி தருவோம்." ஒரு வாளி என்று அளவைச் சொன்ன பிறகு மனத்தாங்கல் வராது. கோடையில் கிணறு வற்றும் வீடு என்றால் ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீரை அளந்துதான் தர முடியும் என்பதையும் அங்கேயே சேர்க்க வேண்டும்.

சாப்பாட்டுப் பகுதியில்தான் கொல்லிமலைக் குறிப்புகள் பலவும் வழி தவறுகின்றன. "பாரம்பரியச் சிறுதானிய உணவு" என்று எழுதாத வீடு குறைவு. இந்த மலை சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விளைந்த மலை என்பது உண்மை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று சாமையிலேயே பல ரகங்களை இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் காத்துவந்திருக்கிறார்கள். பிறகு சந்தையில் காசு தரும் மரவள்ளி அந்த நிலங்களில் பெருமளவு புகுந்தது. காபியும் மிளகும் பெருகின. சாமை குறைந்ததற்கு இன்னொரு காரணம் அதன் உமி. சிறுமணியை உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தி அரிசியாக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியப் பணியில் இறங்கியபோது, விதைகளைக் காப்பதோடு உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவருவதிலும் கவனம் வைத்ததற்கு இதுவே காரணம்.

இதையெல்லாம் தெரிந்த வீட்டுக்காரர் மூன்று வேளையும் சாமைச்சோறு என்று எழுத மாட்டார். வீட்டில் அன்றாடம் வேகுவது நெல் அரிசிதான். "சாமைச்சோறு, கேழ்வரகுக் களி வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள், ஒரு வேளைக்குச் செய்து தருவோம்" என்பது உண்மைக்கு மிக அருகில் இருக்கும். அப்படிச் சொல்லிச் செய்த சாமைச்சோறு உதிரியாக, லேசான மண்வாசனையோடு இலையில் விழும். அதன்மேல் வீட்டுத் தோட்டத்து மிளகை அம்மியில் நசுக்கிப் போட்ட நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றினால், அந்த ஒரு வேளைக்காகவே வளைவுகளை ஏறி வரலாம். நாட்டுக்கோழி வேக நேரம் பிடிக்கும் என்பதால் இரவு எட்டு மணிக்கு வந்து இறங்குபவருக்கு அது கிடைக்காது. அவருக்கு ரசமும் முட்டையும்தான். இதையும் எழுதிவிடலாம்.

பலா, அன்னாசி, மலைவாழை ஆகியவை இந்த மலையின் பெயர் சொல்லும் பழங்கள். ஆனால் பலா கோடையில்தான் நிறையக் கிடைக்கும். ஜனவரியில் வருபவரின் கண்ணில் பலாப்பழப் படத்தைக் காட்டக் கூடாது. ஜனவரிக்கு வேறு காட்சி இருக்கிறது: காபிப் பழம் பறித்து முடியும் நேரம், களத்தில் கொட்டை காயும். கோடை மழை ஒன்று பெய்த பிறகு வருபவருக்குக் காபிச் செடி முழுக்க வெள்ளைப் பூவும் அதன் மணமும் இருக்கும். அது சில நாட்களில் உதிர்ந்துவிடும், தேதி குறித்துச் சொல்ல முடியாது. வழியெங்கும் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பைப் பற்றியும் ஒரு கவனம் வேண்டும். பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு பெரணியின் தண்டு அது. ஆட்டுக்கால்போல ரோமம் மூடியிருக்கும். மிளகும் பூண்டும் சேர்த்த சூப் குளிருக்கு இதமானது. மூட்டுவலியைத் தீர்க்கும் என்று ஹோம்ஸ்டே குறிப்பில் எழுதுவது சமையலறைக்கு உரிய பேச்சல்ல, அதைத் தவிர்க்க வேண்டும். காட்டிலிருந்து பெயர்த்தெடுக்கும் செடி என்பதால் மூட்டையாக வாங்கிச் செல்லுமாறு தூண்டுவதும் நல்லதில்லை.

சுற்றுப்புறத்தில் முதல் இடம் ஆகாய கங்கைக்கு. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் செங்குத்தாகப் பள்ளத்தில் இறங்குகின்றன. அடியில் அய்யாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. இறங்கும்போது யாருக்கும் சிரமம் தெரியாது, அதுதான் ஆபத்து. அருவியில் ஆடிக் களைத்த பிறகு அதே படிகளை ஈர உடையோடு ஏற வேண்டும். திடமான ஒருவருக்கே ஒரு மணி நேரம் ஆகலாம். இதயநோய், மூச்சிரைப்பு, முழங்கால் வலி உள்ளவர்களும் கைக்குழந்தையைத் தூக்கி வருபவர்களும் கோயிலோடு நின்றுகொள்வது நல்லது. அவர்கள் மாசிலா அருவிக்கோ நம்ம அருவிக்கோ போகலாம், அங்கே இவ்வளவு படிகள் இல்லை. ஆகாய கங்கைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், பிற்பகலில் ஒரு நேரத்துக்குப் பிறகு இறங்க விடமாட்டார்கள். வெள்ளம் வந்தால் நாள் முழுதும் தடை இருக்கும். கோடையின் கடைசியில் விழும் நீர் ஒரு நூலாக இளைத்திருக்கும். புகைப்படம் நவம்பரில் எடுத்தது என்றால் படத்தின் கீழே "நவம்பர்" என்று போட்டுவிடுவது போதும்.

"பள்ளத்தாக்குக் காட்சி" என்பதும் கவனித்து எழுத வேண்டிய சொல். கொல்லிமலையின் மேல்பகுதி ஏறி இறங்கும் ஒரு மேட்டுநிலம். செம்மேட்டைச் சுற்றியுள்ள வீடுகளின் திண்ணையில் அமர்ந்தால் தெரிவது காபிச் செடி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, தாழ்வில் அடுக்கடுக்கான நெல்வயல். அது அழகான காட்சிதான். ஆனால் மேகக்கடல் அல்ல. சமவெளியைக் கீழே பார்க்க சீக்குப்பாறை காட்சிமுனைக்கு வண்டியில் போக வேண்டும், மூடுபனி இல்லாத காலையாகவும் அது இருக்க வேண்டும். வாசலூர்பட்டியில் படகுத்துறை இருக்கிறது, குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் போகும். எட்டுக்கை அம்மன் கோயிலும் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையும் வழியிலேயே பார்த்துவிடக் கூடியவை. வீட்டைச் சுற்றிக் கைபேசி சிக்னல் எந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதைப் பெயர் சொல்லி எழுதுவது, ஞாயிறன்று அலுவலக அழைப்பை எதிர்பார்ப்பவருக்குப் பேருதவி.

இனி முன்பதிவும் விதிகளும். கரூரிலிருந்து நான்கு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும், வாடகைக் கார் ஓட்டுநரோடு, வெள்ளி மாலை வந்து ஞாயிறு திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அறை ஒன்றுக்கு இரவுக்கு 2,000 ரூபாய். இரண்டு அறை, இரண்டு இரவு: 8,000. சாப்பாடு நாளொன்றுக்குப் பெரியவருக்கு 600, குழந்தைக்கு 300. நாளுக்கு 3,000, இரண்டு நாளுக்கு 6,000. ஓட்டுநருக்குப் படுக்கையும் சாப்பாடும் நாளுக்கு 400 வீதம் 800. மொத்தம் 14,800 ரூபாய். குறிப்பில் "அறை 2,000 முதல்" என்று மட்டும் இருந்தால் அந்தக் குடும்பம் 8,000 ரூபாய்க்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு வரும். ஞாயிறு மதியம் கணக்குப் பார்க்கும்போது முகம் சுருங்கும். முழுக் கணக்கையும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால் தொகை கூடுதலாக இருந்தாலும் யாரும் கோபிப்பதில்லை. ஓட்டுநரின் படுக்கையைப் பல வீடுகள் மறந்துவிடுகின்றன. இரவெல்லாம் காருக்குள் சுருண்டு கிடந்தவர்தான் மறுநாள் 70 வளைவுகளில் அந்தக் குடும்பத்தை இறக்கப் போகிறவர்.

முன்பணமாக அறை வாடகையில் பாதி, அதாவது 4,000 ரூபாய். ஏழு நாளுக்கு முன் ரத்து செய்தால் முழுவதும் திரும்பும். மூன்று முதல் ஆறு நாளுக்குள் என்றால் 2,000. அதற்குப் பிறகு பணம் திரும்பாது, ஆனால் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை தேதியை மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கெடு கடுமையாகத் தோன்றினாலும் அதற்குக் காரணம் உண்டு. மூன்று அறை வீட்டில் வியாழன் இரவு இரண்டு அறை காலியானால் அந்த வாரத்தின் வருமானத்தில் பெரும்பங்கு போய்விடும். கோழியும் காய்கறியும் சொல்லி வைத்தாகிவிட்டிருக்கும். மழையில் மண் சரிந்து சாலை மூடினாலோ, நிர்வாகம் மலைக்கு வரத் தடை போட்டாலோ முன்பணம் முழுவதையும் தர வேண்டும். வீட்டுக்காரரே ரத்து செய்தாலும் அப்படியே. விருந்தினரைக் கட்டுப்படுத்தும் விதி வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்தினால்தான் அது ஒப்பந்தம்.

அடையாள அட்டையின் நகல் ஒவ்வொரு பெரியவருக்கும் தேவை. ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த நகலே போதும். வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால், அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும்; வெளிநாட்டில் குடியுரிமை பெற்ற தமிழர்களும் இதில் அடங்குவர், ஆகவே கடவுச்சீட்டைக் கேட்டால் வருத்தப்பட வேண்டாம். திருமணமாகாத இணையரையோ, ஆண்கள் மட்டுமுள்ள குழுவையோ ஏற்பதில்லை என்பது ஒரு வீட்டின் முடிவானால், அதைக் குறிப்பிலேயே எழுத வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு இரவு ஏழு மணிக்கு வாசலில் நிறுத்திச் சொல்வது அநியாயம்.

மதுவும் ஒலிபெருக்கியும் கூடாது என்ற விதியின் காரணம் பக்கத்துக் குடியிருப்பு. வாரம் முழுதும் தோட்ட வேலை செய்யும் மக்கள் இரவு ஒன்பதுக்கெல்லாம் தூங்கிவிடுவார்கள். முற்றத்தில் தீ மூட்டிக் குளிர்காய்வது மழை மாதங்களில் சரி. பிப்ரவரியிலிருந்து கோடை மழை வரும்வரை சருகு காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும் காட்டுக்கு. அந்த மாதங்களில் நெருப்பு கிடையாது என்று குறிப்பில் சொல்லிவிட வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. கொண்டுவந்த தண்ணீர் பாட்டில்களைத் திரும்ப அடிவாரத்துக்கே எடுத்துச் செல்வது நல்லது. குடியிருப்புகளில் வேலை செய்பவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

மாதிரி வீட்டின் குறிப்பில் கடைசியாக ஒரு தேதி இருக்க வேண்டும். ஆடி 17, 18 ஆகிய நாட்களில், அதாவது ஆகஸ்ட் தொடக்கத்தில், வல்வில் ஓரி விழாவும் அறப்பளீஸ்வரர் கோயிலின் ஆடிப் பதினெட்டுக் கூட்டமும் ஒன்றாக வரும். வளைவுகளில் வண்டி நகராது, மலையில் ஓர் அறைகூட மிஞ்சாது. விழாவுக்கு வர விரும்புவோர் ஜூன் மாதத்திலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். அமைதியை நாடி வருவோர் அந்த வாரத்தைத் தவிர்த்து வேறு வாரம் வாருங்கள்.